அனுப்பிய பிரதிதான் ஆதாரம்: புனைபெயரில் எழுதுபவர்களுக்கு ஒரு சேகரிப்பு முறை

2006 முதல் 2013 வரை ஒரு மாவட்ட மாத இதழில் புனைபெயரில் கட்டுரைகள் எழுதினேன். சொந்தப் பெயரில் வேறு இதழ்களில் கதைகளும் கட்டுரைகளும் வந்துகொண்டிருந்தன. இரண்டையும் கலக்கவேண்டாம் என்று அப்போது ஒரு எண்ணம். மாத இதழ் நின்றுவிட்டது, ஆசிரியரும் காலமாகிவிட்டார். பல வருடம் கழித்து ஒரு பதிப்பாளர் அந்தக் கட்டுரைகளைத் தொகுக்கலாம் என்றார். கூடவே நியாயமான ஒரு கேள்வியும் கேட்டார்: "அந்தப் பெயரில் எழுதியது நீங்கள்தான் என்று எப்படிக் காட்டுவீர்கள்? நாளை வேறொருவர் வந்து நான்தான் என்றால்?"

அதற்குப் பதில் சொல்ல என் அலமாரியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று தேடியபோது கற்றுக்கொண்டவைதான் இந்தக் கட்டுரை. புதிதாக எழுத வருகிறவர்கள், முக்கியமாகப் புனைபெயரில் எழுதுகிறவர்கள், முதல் கட்டுரையிலிருந்தே இப்படிச் சேர்த்துவைத்தால் பின்னால் திண்டாட வேண்டியிருக்காது.

அச்சில் வந்தது உங்கள் நடை அல்ல

எல்லோரும் அச்சான பக்கத்தை வெட்டி ஒட்டிவைக்கிறோம். அது வேண்டும்தான், தேதிக்கும் பெயருக்கும் அதுவே சாட்சி. ஆனால் உங்கள் நடையைக் காட்ட அது போதாது. ஏன் என்று ஒரு சிறு பகுதியை வைத்தே பார்க்கலாம். நான் அனுப்பியது இது:

"அம்மா கடைக்குப் போய்விட்டு வரும்வரைக்கும் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். மழை ரொம்ப நேரமாகப் பெய்தது. பயமெல்லாம் இல்லை, குளிர்தான்."

இதழில் வந்தது இது:

"அம்மா கடைக்குச் சென்று திரும்பும் வரை திண்ணையிலேயே அமர்ந்திருந்தேன். மழை நீண்ட நேரமாகப் பெய்தது. அச்சம் ஏதுமில்லை, குளிர் மட்டுமே இருந்தது."

பொருள் மாறவில்லை. ஆனால் 'போய்விட்டு' 'சென்று' ஆகிவிட்டது, 'உட்கார்ந்து' 'அமர்ந்து' ஆகிவிட்டது, 'ரொம்ப' போய் 'நீண்ட' வந்துவிட்டது. இரண்டு இடத்தில் இருந்த 'தான்' இரண்டுமே காணோம். 'பயமெல்லாம்' என்று சொல்லும் அந்த வாய்வழக்கும் போய்விட்டது. கடைசி வாக்கியத்தை 'குளிர்தான்' என்று வினைமுற்று இல்லாமலே விட்டிருந்தேன்; அவர்கள் 'இருந்தது' சேர்த்து முடித்துவைத்தார்கள். மெய்ப்புப் பார்த்தவர்மேல் குறை சொல்லவில்லை. அந்த இதழுக்கென்று ஒரு மொழி இருந்தது, அதற்கு ஏற்றபடி மாற்றினார். ஆனால் என்னை நான் என்று காட்டக்கூடியவை எவையோ அவைதான் சரியாக அழிந்திருக்கின்றன. அதே இதழில் எழுதிய பத்துப் பேரும் அச்சில் ஏறக்குறைய ஒருவரைப் போலவே இருப்பார்கள்.

அதனால் ஒவ்வொரு படைப்புக்கும் மூன்று நிலைகளை வைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்து, அதாவது அடித்தல் திருத்தலோடு இருக்கும் வரைவு. அனுப்பிய பிரதி, அனுப்பிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே. அச்சான பக்கம். இடம் இல்லை, நேரம் இல்லை என்றால் வரைவை விட்டுவிடலாம், அனுப்பிய பிரதியை மட்டும் விடவே கூடாது.

பெயர் வைப்பதும் பதிவேடும்

கோப்பின் பெயரிலேயே தேதி இருக்கட்டும். கணினி காட்டும் தேதிகளை நம்பவேண்டாம்; ஒரு வன்வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்கும்போது 'உருவாக்கிய தேதி'யும், திறந்து மறுபடி சேமிக்கும்போது 'மாற்றிய தேதி'யும் மாறிவிடுகின்றன. நான் `2009-03-17_thinnai_anuppiyathu.docx` என்று வைக்கிறேன். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் வைத்தால் கோப்புகள் தாமாகவே காலவரிசையில் நிற்கும். ஆங்கில எழுத்தில் வைப்பதற்குக் காரணம் உண்டு: பழைய சுருக்க மென்பொருள்களில் தமிழ்ப் பெயர்கள் சிதைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன்.

கூடவே ஒரு நோட்டு. ஒரு படைப்புக்கு ஒரு வரி போதும்: எழுதி முடித்த நாள், தலைப்பு, எந்தப் பெயரில், யாருக்கு அனுப்பினேன், எந்த இதழில் எப்போது வந்தது. இதோடு இன்னும் இரண்டு விவரம் சேர்ப்பேன். எப்படி எழுதினேன் (கையாலா, தட்டச்சா, குரல்வழித் தட்டச்சா), யார் கை பட்டது (மெய்ப்புத் திருத்துநர், நண்பர், யாருமில்லை). பிற்காலத்தில் நடையில் ஒரு மாற்றம் தெரிந்தால் அதற்கான காரணத்தை இந்த இரண்டு விவரங்களும் சொல்லும். கையால் எழுதிய காலத்தில் என் வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. தட்டச்சுக்கு மாறியதும் நீண்டுவிட்டன. நோட்டில் அந்த மாற்றம் எந்த மாதம் என்று இருக்கிறது. இல்லையென்றால் இரண்டு ஆள் எழுதியது போலத் தோன்றியிருக்கும்.

காகிதத்துக்கு ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் போகிக்கு முந்தைய வாரம்தான் ஆபத்தான வாரம். என்னுடைய இரண்டு கட்டுக் கையெழுத்துப் பிரதிகள் அப்படித்தான் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. கட்டின்மேல் எதுவும் எழுதாமல் வைத்தது என் தப்பு. பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் 'போடக்கூடாது' என்று எழுதி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள். கையெழுத்துப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதியும் கையொப்பமும் இருந்தால் நல்லது. மாதம் ஒரு முறை கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மூலம் போனாலும் உருவம் இருக்கும்.

தேதிக்கு வெளியாள் சாட்சி

நீங்களே எழுதிய தேதியை நீங்களே சாட்சி சொல்லமுடியாது. அதனால் வேறு யாரிடமாவது ஒரு சுவடு இருக்கவேண்டும். இதழுக்கு அனுப்பிய மின்னஞ்சல்தான் இருப்பதிலேயே எளிய சுவடு. இணைப்புக் கோப்போடு, தேதியோடு, பெறுநர் பெயரோடு அது கிடக்கும். ஆகவே அனுப்பியவை பகுதியைச் சுத்தம் செய்யாதீர்கள். புனைபெயருக்கென்று தனி மின்னஞ்சல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும்: கூகுள் கணக்கை 2 ஆண்டுகள் திறக்காமல் விட்டால் நீக்கிவிட அவர்களுக்கு உரிமை உண்டு. வருடத்துக்கு ஒரு முறையாவது உள்ளே போய், கூகுளின் Takeout வழியாக அஞ்சல்களை ஒரு `.mbox` கோப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தனி மின்னஞ்சலிலிருந்து உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அவ்வப்போது ஒரு அஞ்சல் போட்டுவைத்தால், இரண்டு பெயரும் ஒரே ஆளிடம் இருந்தன என்பதற்கு அந்தக் காலத்துத் தேதியோடே சான்று கிடைக்கும். நான் இதைச் செய்யவில்லை, பிறகு வருத்தப்பட்டேன்.

கூகுள் டாக்ஸில் எழுதுகிறவர்கள் அதன் பழைய பதிப்பு வரலாற்றை மட்டுமே நம்பியிருக்கவேண்டாம். பழைய நிலைகளை அது சில சமயம் ஒன்றாகச் சேர்த்துவிடும். வேறு ஆவணத்துக்கு வெட்டி ஒட்டினால் வரலாறு கூட வராது. முக்கியமான கட்டத்தில் ஒரு நகல் இறக்கிக்கொள்வது நல்லது.

இன்னும் ஒரு படி போக விரும்புபவர்கள் கோப்புக்கு ஹாஷ் எண் எடுத்துவைக்கலாம். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் ஒரு நீண்ட எண் அது. ஒரு காற்புள்ளி மாறினாலும் முற்றிலும் வேறு எண் வரும். விண்டோஸில் இப்படி:

```
certutil -hashfile 2009-03-17_thinnai_anuppiyathu.docx SHA256
```

வரும் எண்ணை நோட்டில் எழுதி, யாராவது ஒரு நண்பருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் போதும். கோப்பையே காட்டாமல், 'இந்தத் தேதியில் இந்தக் கோப்பு இப்படியே இருந்தது' என்று பின்னால் நிறுவலாம். ஒரு நிபந்தனை: அதற்குப் பிறகு அந்தக் கோப்பைத் திறந்து சேமிக்கக் கூடாது. படிக்க ஒரு நகல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் வரை போகும் விஷயமென்றால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்தோடு இணைக்கும் சான்றிதழில் இந்த எண்ணும் இடம்பெற வேண்டும்.

பழைய எழுத்துருக் கோப்புகள்

2000-களில் தட்டச்சு செய்தவர்களுக்கு மட்டும் இது. அப்போது பாமினி, டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு எழுத்துரு முறையில் எழுதினோம். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள், எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். மூலக் கோப்பை அப்படியே விட்டுவிட்டு, அந்த எழுத்துருவின் `.ttf` கோப்பையும் அதே உறையில் போட்டுவையுங்கள். பிறகு ஒருங்குறிக்கு மாற்றிய நகலை வேறு பெயரில் சேமியுங்கள். மாற்றியதை வரிவரியாகப் படித்துப் பார்க்கவேண்டும். குறிப்பாக கொ, கோ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிந்திருக்கும். கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், ஆனால் சில மென்பொருளில் 'போல' என்று தேடினால் அகப்படாது.

எதை எண்ணுவது

நடை என்றவுடன் அழகான உவமைகளையும் அரிய சொற்களையும் எடுத்துக் காட்டத் தோன்றும். அவற்றை வைத்து எதையும் காட்டமுடியாது. நல்ல உவமையை யாரும் எடுத்துக்கொள்ளலாம். எழுதுகிறவருக்கே தெரியாமல் வந்து விழும் சின்னச் சொற்கள்தான் ஆளைக் காட்டும்.

இதற்குப் பெயர்பெற்ற ஒரு எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு, அதுவும் புனைபெயர் விவகாரம்தான். 1787-88-இல் 'பப்ளியஸ்' என்ற பெயரில் ஹாமில்டன், மேடிசன், ஜே என்ற மூவர் அரசியல் சட்டத்துக்கு ஆதரவாக 85 கட்டுரைகள் எழுதினார்கள். அதில் 12 கட்டுரைகளை எழுதியது ஹாமில்டனா மேடிசனா என்று வழக்கு நீண்டுகொண்டே போனது. 1960-களில் மோஸ்டெல்லர், வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள், ஹாமில்டனும் மேடிசனும் தனித்தனியே எழுதியவை என்று தெரிந்த கட்டுரைகளில் சின்னச் சொற்களை எண்ணினார்கள். 'upon' என்ற ஆங்கில இடைச்சொல்லை ஹாமில்டன் அடிக்கடி பயன்படுத்தினார், மேடிசனிடம் அது அரிதாகத்தான் வந்தது. சர்ச்சைக்குரிய 12-உம் மேடிசன் பக்கமே சாய்ந்தன.

தமிழில் அந்த இடத்தில் நிற்பவை இவை: போல என்று எழுதுகிறீர்களா மாதிரி என்றா? பிறகு, பின்னர், அப்புறம், இதில் எது? ரொம்பவா, மிகவுமா? ஆனாலா, இருந்தாலுமா, என்றாலுமா? வாக்கியத்தைத் 'தான்' போட்டு அழுத்துகிறீர்களா, ஏகாரம் போட்டா? கூட்டுவினையைச் சேர்த்து எழுதுகிறீர்களா (வந்துவிட்டான்), பிரித்தா (வந்து விட்டான்)? கறுப்பா, கருப்பா? ஒற்று எங்கே போடுகிறீர்கள், எங்கே விடுகிறீர்கள்? 'சுவற்றில்' என்று தவறாக எழுதும் பழக்கம் இருந்தால் அதுவும் உங்கள் அடையாளமே. அதனால்தான் பழைய பிரதிகளில் பிழை திருத்தக் கூடாது என்கிறேன். புத்தகத்துக்குத் திருத்துங்கள், சேகரிப்பில் உள்ள பிரதியை விட்டுவிடுங்கள்.

எண்ணும்போது தமிழுக்கே உரிய ஒரு கண்ணி இருக்கிறது. 'தான்' என்று தேடல் பெட்டியில் போட்டால் வந்தான், பார்த்தான், படித்தான் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். 'போல' தேடினால் போலீசும் போலியும் வரும். 'கூட' தேடினால் பள்ளிக்கூடமும் கூடாதும் வரும். அதனால் தேடல் இடத்தை மட்டும் காட்டட்டும். ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, சரியானதைக் கோடிட்டு எண்ணுங்கள். பிறகு 1,000 சொல்லுக்கு எத்தனை என்று மாற்றவேண்டும். 2,400 சொல் கொண்ட கட்டுரைத் தொகுதியில் அழுத்தத் 'தான்' 30 முறை வந்தால், 30-ஐ 2,400-ஆல் வகுத்து 1,000-ஆல் பெருக்க 12.5 வரும். ஒரே ஒரு சிறு குறிப்பை வைத்து எண்ணினால் பலன் இல்லை. ஒவ்வொரு காலத்துக்கும் சில ஆயிரம் சொற்களாவது வேண்டும்.

ஒத்த வகையை ஒத்த வகையோடு வைக்கவேண்டும் என்பதையும் மறக்கவேண்டாம். கதையில் உரையாடல் வரும், பேச்சுமொழி வரும். அதைக் கட்டுரையோடு ஒப்பிட்டால் ஒரே ஆளே இரண்டு ஆளாகத் தெரிவார்.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது இன்னொன்று. என் இரண்டு கட்டுரைகள் ஒன்றுபோல இருக்கின்றன என்று காட்டினால் போதாது. அதே காலத்தில் அதே இதழில் எழுதிய மற்றவர்களிடமிருந்து அவை வேறுபடுகின்றன என்றும் காட்டவேண்டும். அந்த வட்டாரத்தில் எல்லோரும் 'ரொம்ப' என்றே எழுதினால் என் 'ரொம்ப'வுக்கு மதிப்பில்லை. ஆகவே உங்கள் சேகரிப்பில் இதழின் முழுப் பிரதியும் சில இருக்கட்டும், உங்கள் பக்கத்தை மட்டும் கிழித்துவைக்காதீர்கள். மற்றவர்கள் எழுதியதும் மெய்ப்புத் திருத்தியதுதான் என்பதால், அவர்கள் அச்சுப் பக்கத்தை உங்கள் அச்சுப் பக்கத்தோடுதான் ஒப்பிட முடியும். மிஞ்சும் வேறுபாடு கொஞ்சமாக இருக்கும், ஆனால் அது உறுதியானது.

வருடத்துக்கு ஒரு நாள்

தை மாதத்தில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கியிருக்கிறேன். அந்த வருடம் எழுதியதில் மூன்றை எடுப்பேன். நன்றாக வந்தவற்றை மட்டும் எடுக்கமாட்டேன். ஒன்று நல்லது, ஒன்று அவசரத்தில் எழுதியது, ஒன்று யாருமே திருத்தாதது. திருத்தாதவற்றில் கடிதம்தான் உயர்ந்தது. நண்பருக்கு எழுதிய நீண்ட மின்னஞ்சலில் எந்த ஆசிரியர் கையும் படாது. அடுத்தவர் வீட்டு விஷயம் அதில் இருந்தால் அந்தக் கடிதத்தை விட்டுவிட்டு வேறு எடுக்கவேண்டும், என்றோ ஒரு நாள் வெளியாருக்குக் காட்டப்போகும் பொருள் அல்லவா. மூன்றையும் அச்செடுத்து, ஆண்டு எழுதிய உறையில் போட்டு, மின்வடிவத்தை வீட்டுக்கு வெளியே இன்னொரு இடத்திலும் வைப்பேன். அரை நாள் வேலை.

காட்டவேண்டிய நாள் வந்தபோது

பதிப்பாளருக்கு நான் கொடுத்தது ஒரு கோப்பு. முதல் பக்கத்தில் பட்டியல்: தலைப்பு, அனுப்பிய நாள், அச்சான மாதம், எந்தப் பிரதி கையில் இருக்கிறது. அடுத்து, புனைபெயரில் அனுப்பிய நான்கு கட்டுரைகளும், அதே ஆண்டுகளில் சொந்தப் பெயரில் அனுப்பிய நான்கும், பக்கத்துக்குப் பக்கம் எதிரெதிராக. 'தான்', 'மாதிரி', 'அப்புறம்', வினைமுற்று இல்லாத வாக்கியங்கள், சேர்த்தெழுதிய கூட்டுவினைகள் ஆகிய ஐந்தை மட்டும் கோடிட்டிருந்தேன். அதன்பின் அதே இதழின் வேறு இரண்டு எழுத்தாளர்களின் பக்கங்கள். கடைசியில் மின்னஞ்சல் நகல்களும், ஆசிரியர் கைப்பட என் வீட்டு முகவரிக்கு எழுதிய இரண்டு அஞ்சலட்டைகளும். பெயர் புனைபெயர், முகவரி என்னுடையது.

சொல்லப்போனால் அந்த அஞ்சலட்டைகள்தான் அவரை ஒப்பவைத்தன. நடை ஒப்பீடு தனியாக யாரையும் கட்டிப்போடாது. நன்றாகப் படித்த ஒருவர் இன்னொருவரைப் போல எழுதமுடியும். சட்டமும் நடையைக் காப்பதில்லை, எழுதிய வாசகத்தைத்தான் காக்கிறது. தேதியும் முகவரியும் எலும்பு, நடை அதன்மேல் சதை. ஆனால் அஞ்சலட்டை இரண்டு கட்டுரைகளைப் பற்றித்தான் பேசியது. மற்றவற்றையும் அதே கை எழுதியது என்று இணைத்தது நடைதான்.

எழுதியவர் யார் என்று வெளிப்படுத்துவதற்கு இந்தியாவில் ஒரு சட்டப் பலனும் உண்டு. பதிப்புரிமை எழுதியவர் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு நீடிக்கும். புனைபெயர் படைப்பில் எழுதியவர் யார் என்பது வெளிப்படாவிட்டால் அந்த 60 ஆண்டு வெளியான காலத்திலிருந்தே எண்ணப்படும்.

தொகுப்பில் 19 கட்டுரைகள் சேர்ந்தன. நான்கை நானே எடுத்துவிட்டேன். அந்த நான்குக்கும் அச்சுப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது, அனுப்பிய பிரதி எடைக்குப் போன கட்டில் இருந்தது. அச்சில் உள்ள வாக்கியங்களைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அதில் எது நான் எழுதியது, எது மெய்ப்புத் திருத்தியவர் எழுதியது என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.